அச்சு காட்டிக்கொடுக்கும் போலி

ஒரு ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மூன்று பகுதிகள் உண்டு. கடையில் நம் கண் போய் நிற்பது நடுவில் இருக்கும் பழகிய சின்னத்தில் மட்டும்தான். அதன் தலைக்கு மேல் ஒரு எண் இருக்கும். பொருள் எந்தத் தரநிலைப்படி செய்யப்பட்டது என்பதைச் சொல்கிற எண் அது. காலடியில் CM/L என்று தொடங்கும் இன்னோர் எண் இருக்கும். அந்த முத்திரையைப் பதிக்க எந்தத் தொழிற்சாலைக்கு உரிமம் கொடுத்திருக்கிறார்கள் என்பதை அது சொல்லும். நம் கண் எங்கே நிற்கும் என்பது போலி செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். நடுச் சின்னத்தை அக்கறையாகச் செதுக்கிவிடுவார்கள். மேலும் கீழும் உள்ள எண்களில்தான் அவர்களுக்குக் கை தடுமாறும்.

சமையலறையில் இந்த ஏமாற்று அதிகம் ஒட்டிக்கொள்ளக்கூடிய இரண்டு பொருட்கள் கேஸ் ரெகுலேட்டரும் குக்கர் ரப்பரும். அடுப்பையோ குக்கரையோ வாங்கும்போது பெட்டி, உத்தரவாதச் சீட்டு, பில் எல்லாம் பார்த்து வாங்குகிறோம். கேஸ்கட் தேய்ந்தால் பாத்திரக்கடையில் போய், ஆணியில் கொத்தாகத் தொங்குவதில் ஒன்றை உருவி வாங்கிவருகிறோம். ரெகுலேட்டர் திருகு லூசானால் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவர் கையில் இருக்கும் ஒன்றை மாட்டிவிட்டுப் போகிறார். பெட்டியும் இல்லை, பில்லும் இல்லை. பொருளின் மேல் பதித்திருக்கும் சில எழுத்துகள்தான் மிச்சம். இப்போது அவையும் நேரில் வருவதில்லை. இணையக் கடையின் படமாகவோ, ‘இது ஒரிஜினலா பாருங்க’ என்று வாட்ஸ்அப்பில் வரும் படமாகவோதான் வருகின்றன. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் தீர்ப்புச் சொல்ல முடியும் என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் இந்த இரண்டு பொருட்களும் என்ன வேலை செய்கின்றன என்று பார்த்துவிடலாம். சிலிண்டருக்குள் எரிவாயு இருக்கும் அழுத்தம் வெயிலைப் பொறுத்து மாறும். நம் ஊர்ச் சூட்டில் சதுர சென்டிமீட்டருக்கு ஐந்தாறு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அடுப்புக்கு வேண்டியதோ 30 கிராம். நூற்றைம்பது மடங்குக்கும் மேலான அந்த இறக்கத்தைச் செய்வது ரெகுலேட்டருக்குள் இருக்கும் ஒரு ரப்பர்ச் சவ்வும், ஒரு ஸ்பிரிங்கும், சின்ன நெம்புகோலும்தான். வெளியே தெரிவது துத்தநாகக் கலவையில் வார்த்த கூடு. சவ்வு கிழிந்தால் மேல்மூடியில் இருக்கும் ஊசித் துளை வழியாக வாயு வெளியே வரும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ, அடைப்பான் சரியாக உட்காராவிட்டாலோ, அடுப்பில் தீ மஞ்சளாக உயர்ந்து சீறும்.

குக்கர் ரப்பரின் வேலை ஆவியை அடைத்துவைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பாதி வேலை. வீட்டுக் குக்கர் சாதாரணமாக வேலை செய்வது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தத்தில். உள்ளே தண்ணீர் 120 டிகிரி வரை சூடேறும். வெயிட்டின் துளை பருப்புத் தோலில் அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறும். அப்போது உருகி வழிவிட ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. பல குக்கர்களில் மூடியின் விளிம்பில் ஒரு நீள்வட்டச் சந்தும் வெட்டியிருப்பார்கள். அழுத்தம் எல்லை தாண்டினால் ரப்பர் அந்தச் சந்து வழியாகப் பிதுங்கி ஆவியை வெளியே விட வேண்டும். அதாவது ரப்பர் குறிப்பிட்ட அழுத்தம் வரை நிற்க வேண்டும், அதற்கு மேல் தோற்கவும் வேண்டும். கடினமாகப் போன மலிவு ரப்பர் தோற்க வேண்டிய இடத்தில் தோற்காது. மிக மெத்தென்றிருப்பது, சாதம் வேகும்போதே பிதுங்கி ஆவியைக் கொப்பளிக்கும். இரண்டையும் வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாது. அதனால்தான் ஆய்வகத்தில் சோதித்ததற்கு அடையாளமாக ஒரு முத்திரை வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்த முத்திரையைத் திருடுவதும் லாபமாக இருக்கிறது.

இப்போது படங்களுக்கு வருவோம். ஒரே வீட்டிலிருந்து ஐந்து படங்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். இது யாருடைய வீட்டுக் கதையும் அல்ல. இத்தகைய படங்களில் பார்க்கக்கூடிய கோளாறுகளை ஒரே இடத்தில் கூட்டி வைத்திருக்கிறேன். முதல் இரண்டு படங்கள் ரெகுலேட்டருடையவை. மேல்மூடி ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. மூன்றாவது குக்கர் ரப்பர் முழுவதும். நான்காவது அதே ரப்பரின் எழுத்துகள் கிட்டத்தில். ஐந்தாவது, அதே கடையில் அக்கா ஒருத்தி வாங்கிய இன்னொரு ரப்பர்.

ரெகுலேட்டரின் மேல்மூடியில் சின்னம் அழகாக இருக்கிறது. தலைக்கு மேல் இருக்கும் எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தால் IS 4246. படித்ததும் வேலை முடிந்துவிட்டது. 4246 என்பது எரிவாயு அடுப்பின் தரநிலை. வீட்டு ரெகுலேட்டருக்கு உரியது IS 9798. உரிமம் பெற்ற தொழிற்சாலை தான் தினமும் செய்கிற பொருளின் தரநிலை எண்ணைத் தப்பாக அச்சில் வெட்டிவிட்டு, அதை ஆயிரக்கணக்கில் வார்த்து வெளியே அனுப்பாது. வேறு எதிலிருந்தோ சின்னத்தைப் பிரதி எடுத்தவர்தான் எண்ணையும் சேர்த்துப் பிரதி எடுப்பார். குக்கர் ரப்பரிலும் இதே தடுமாற்றத்தைத் தேடலாம். குக்கரின் தரநிலை IS 2347. அதன் ரப்பருக்குத் தனியாக IS 7466 இருக்கிறது. ரப்பரின் உடம்பில் ஐ.எஸ்.ஐ. சின்னத்தோடு 2347 இருந்தால், யாரோ குக்கரின் அடிப்பாகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று சந்தேகப்படலாம். அட்டையில் ‘IS 2347 குக்கருக்குப் பொருந்தும்’ என்று சொல் மட்டும் இருப்பது வேறு. அது விளம்பர வாசகம், முத்திரை அல்ல.

இந்த நான்கு எண்களை நினைவில் வைத்துக்கொள்வது பெரிய பாரம் இல்லை. எண்ணே இல்லாத சின்னங்களும் உண்டு. சின்னம் இருக்கும், கீழே CM/L இருக்காது. அல்லது ‘ஐ.எஸ்.ஐ. தரம்’, ‘ஐ.எஸ்.ஐ. மாடல்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருக்கும். சிலவற்றில் ISO 9001 என்று இருக்கும். அது ஒரு நிறுவனத்தின் நிர்வாக முறைக்குத் தரும் சான்று. கையில் இருக்கும் ரெகுலேட்டரை யாரும் சோதித்தார்கள் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது.

நம் உதாரணப் படத்தில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ரெகுலேட்டரின் பக்கவாட்டில் ஒரு பொதுத்துறை எண்ணெய் நிறுவனத்தின் பெயர் எழும்பி நிற்கிறது. வாங்கியதோ பஜாரில் இருக்கும் ஒரு ஹார்டுவேர் கடையில். இணைப்பு எடுக்கும்போது டெபாசிட் வாங்கிக்கொண்டு ஏஜென்சி கொடுப்பதுதான் அந்த ரெகுலேட்டர். 2022 ஜூனில் அந்த டெபாசிட் தொகை 150 ரூபாயிலிருந்து 250 ஆனது நினைவிருக்கலாம். இணைப்பை ஒப்படைக்கும்போது ரெகுலேட்டரையும் திருப்பிக் கொடுத்தால்தான் பணம் திரும்பும். நிறுவனத்தின் உடைமையாக இருக்கும் பொருள் கடை அலமாரிக்கு எப்படி வந்தது? ஒன்று அது போலி. இல்லையென்றால் எங்கிருந்தோ கழற்றி வந்த பழையது, பாலிஷ் போட்டுப் புதிதாக்கியது. இரண்டாவது வகையில் முத்திரை அசலாகவே இருக்கலாம். உள்ளே இருக்கும் சவ்வின் வயது யாருக்கும் தெரியாது. பாலிஷ் போட்டதைப் படத்திலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். எழுத்துகளின் மேல்முனை மழுங்கியிருக்கும், எழுத்துகளுக்கு இடையில் இருக்கும் பள்ளங்களில் மட்டும் பழைய கறுப்பு தங்கியிருக்கும், புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ‘8’, ‘0’ போன்றவற்றின் வயிறு அடைபட்டிருக்கும்.

இனி உரிம எண். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் BIS Care என்ற செயலியை யாரும் இலவசமாகக் கைபேசியில் இறக்கிக்கொள்ளலாம். அதில் Verify Licence Details என்ற இடத்தில் CM/L-க்குப் பின்னால் இருக்கும் எண்ணைத் தட்டினால், உரிமம் யாருக்குக் கொடுக்கப்பட்டது, எந்த முகவரி, எந்தத் தரநிலை, இப்போது செல்லுமா என்பது வரும். பழைய எண்களில் ஏழு இலக்கங்கள், புதியவற்றில் பத்து. ஒரு இலக்கம் குறைந்தாலோ கூடினாலோ அப்போதே சந்தேகம் தொடங்கலாம்.

நம் ரப்பரின் எண்ணைப் போட்டால் பதில் வருகிறது. உரிமம் உண்மையானது, நடப்பில் இருக்கிறது. ஆனால் அது தண்ணீர்க் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குக் கொடுத்தது என்று இருக்கிறது. இது எண்ணைக் கடன் வாங்கும் போலி. செயலியில் ‘உரிமம் உள்ளது’ என்ற வரியைப் பார்த்தவுடன் நிம்மதியாகி மூடிவிடுகிறவர்களை நம்பித்தான் இந்த வேலை நடக்கிறது. பெயரையும் பொருளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரப்பரின் மேல் இருக்கும் பிராண்டு உரிமக் குறிப்பில் வராவிட்டால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரு தொழிற்சாலை பல பிராண்டுகளுக்குச் செய்து கொடுப்பது சகஜம். அவையும் உரிமத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்றாலும், அது அமைவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி. அதை வைத்து நாமே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. உரிமம் காலாவதி என்று வந்தாலும் அவசரப்படக் கூடாது. உரிமம் நடப்பில் இருந்த காலத்தில் செய்து, கடையில் தங்கிப்போன பொருளாக இருக்கலாம். பொருளின் மேல் உள்ள மாதம், வருடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பேச வேண்டும்.

உஷாரான போலிக்காரர் இங்கெல்லாம் மாட்ட மாட்டார். உண்மையாகவே ரப்பர் செய்யும் தொழிற்சாலையின் உரிம எண்ணை, அதே பிராண்டுப் பெயரோடு, அதே தரநிலை எண்ணோடு அப்படியே பதிப்பார். செயலியில் எல்லாம் பொருந்திவரும். எழுத்தைப் படிப்பதால் அதற்கு மேல் பயனில்லை. எழுத்து எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

குக்கர் ரப்பரை இரும்பு அச்சில் அழுத்திச் சூடுபடுத்தி வார்க்கிறார்கள். எழுத்துகள் அந்த இரும்பில் குழியாக வெட்டப்பட்டிருக்கும். ரப்பரில் மேடாக எழும். ஒரே அச்சுப் பலகையில் பல குழிகள் இருக்கும். எந்தக் குழியிலிருந்து வந்த ரப்பரில் குறை என்று பின்னால் கண்டுபிடிப்பதற்காகக் குழி ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன எண்ணை வெட்டி வைப்பது அச்சுப் பட்டறைகளின் வழக்கம். உற்பத்தி மாதத்தைக் காட்ட, திருகி மாற்றக்கூடிய சின்ன வட்டம் ஒன்றைப் பதித்திருப்பதும் உண்டு. கடிகார முகம் போலச் சுற்றிலும் எண்கள், நடுவில் ஓர் அம்புக்குறி.

போலிக்காரருக்கு மலிவான வழி, அசல் ரப்பர் ஒன்றை வாங்கி அதிலிருந்தே அச்சு எடுப்பது. அப்படி எடுக்கும்போது அசலில் இருப்பதெல்லாம் கூடவே வந்துவிடும். குழி எண்ணும் வரும், அம்புக்குறி காட்டிய மாதமும் வரும். அசல் தொழிற்சாலையில் கொத்தாகத் தொங்கும் ரப்பர்களில் குழி எண் 2, 5, 1, 6 என்று கலந்து இருக்கும். பிரதி எடுத்தவருடைய கொத்தில் எல்லாமே 4. மூன்று வருடங்களுக்கு முன் வாங்கியதிலும் இன்று வாங்கியதிலும் அம்புக்குறி அதே மாதத்தில் நிற்கும். நம் ஐந்தாவது படம் இதற்காகத்தான் வேண்டியிருக்கிறது. அக்கா போன தீபாவளிக்கு வாங்கிய ரப்பரும் இவர்கள் இந்த வாரம் வாங்கியதும் ஒரே குழி எண், ஒரே மாதம், இரண்டிலும் ‘R’ எழுத்தின் காலில் ஒரே இடத்தில் ஒரு சின்னக் காயம். கடைசியாகச் சொன்ன காயம்தான் பலமான சாட்சி. எண் ஒன்றாக இருப்பது தற்செயலாகலாம், ஒரு பழைய சரக்கு மூட்டை மெல்ல விற்றும் இருக்கலாம். அசல் ரப்பரில் யாரோ நகத்தால் கீறிய தற்செயலான கீறல், பிறகு வார்த்த எல்லா ரப்பரிலும் எழுத்தோடு எழுத்தாக வருமானால், அந்த அச்சு ஒரு ரப்பரிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே நேரான விளக்கம். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அசல் அச்சிலேயே அந்தக் காயம் இருந்திருக்கலாம். அதே பிராண்டின் நம்பகமான இன்னொரு ரப்பரை, அதே குழி எண் உள்ளதை, பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சந்தேகம் தீரும்.

இன்னொரு தடயம் எழுத்தின் கூர்மை. வார்த்தது ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். ரப்பர் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சுருங்கும், துத்தநாகக் கலவை அதைவிடக் குறைவு. அசலைச் செய்கிற அச்சுப் பட்டறை இதைக் கணக்கில் வைத்து இரும்பைப் பெரிதாக வெட்டும். சுருங்கி முடிந்த பொருளிலிருந்து அச்சு எடுப்பவருக்கு அந்தக் கணக்கு இல்லை. அவருடைய பொருள் இன்னொரு தடவை சுருங்கும். எழுத்து கொஞ்சம் சிறுத்து, முனைகள் உருண்டு, நெருங்கி நிற்கும் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஐ.எஸ்.ஐ. சின்னத்தின் உள்ளே இருக்கும் மெல்லிய இடைவெளிகள்தான் முதலில் அடைபடும். ரப்பர் வளையத்தையே அளந்தாலும் விட்டத்தில் வித்தியாசம் தெரியும். புது ரப்பரை மூடியில் மாட்டும்போது இழுத்துப் பிடித்து மாட்ட வேண்டியிருந்தால், ‘புதுசு அப்படித்தான் இருக்கும்’ என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

ரெகுலேட்டரில் வேறு மாதிரி. கூட்டோடு சேர்த்து வார்த்த எழுத்துகளும் உண்டு, பிறகு தனியாகக் குத்திய எண்களும் உண்டு. பிராண்டு, தரநிலை, சின்னம் எல்லாம் ஒவ்வொன்றுக்கும் ஒன்றே என்பதால் அச்சிலேயே இருக்கும்; மேற்பரப்பின் சொரசொரப்பு எழுத்தின் மேலும் தொடரும். வரிசை எண் ஒவ்வொன்றுக்கும் மாற வேண்டும் என்பதால் அது பிறகு பதியப்படும். உளியால் குத்தினால் உலோகம் ஒதுங்கி எழுத்தைச் சுற்றி மெல்லிய கரை எழும். லேசரில் எழுதினால் கரையில்லாமல் கறுத்த தட்டையான கோடாக இருக்கும். மாற வேண்டிய வரிசை எண்ணே கூட்டோடு சேர்ந்து வார்த்ததாக எழும்பி நின்றால், அது எண் அல்ல, வெறும் அலங்காரம். இணையக் கடைப் படங்களில் இதை இன்னும் சுலபமாகப் பிடிக்கலாம். வாங்கியவர்கள் போட்ட விமர்சனங்களில் இருக்கும் படங்களைப் புரட்டினால், நாலு ஊர்க்காரர்கள் வாங்கிய நாலு ரெகுலேட்டரிலும் ஒரே வரிசை எண் இருப்பது தெரியவரலாம். விற்பவர் போட்ட படத்தை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அது அசலைப் படம் எடுத்துப் போட்டதாக இருக்கும். வீட்டுக்கு வந்தது வேறாக இருக்கும்.

படம் எப்படி எடுப்பது என்பதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். நேராக ஃபிளாஷ் அடித்தால் மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகிவிடும். ஜன்னல் வெளிச்சத்தையோ டார்ச்சையோ பக்கவாட்டில், கிட்டத்தட்டத் தரையோடு தரையாக விழவிட்டு, வெளிச்சத்தை ஒவ்வொரு பக்கமாக மாற்றி மூன்று நாலு படங்கள் எடுக்க வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் குறித்துவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் நம் கண்ணுக்கே மாறித் தெரியும், குத்திய எழுத்தை வார்த்த எழுத்து என்று சாதிப்போம். கறுப்பு ரப்பரில் எழுத்து தெரியாவிட்டால் கொஞ்சம் கோலமாவையோ முகப்பவுடரையோ தேய்த்துத் துடைத்தால் பள்ளங்களில் வெள்ளை நிற்கும். பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து எடுத்தால் பின்னால் அளவு ஒப்பிடலாம். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். எழுத்தின் முனை கரைந்துபோகும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். கைபேசியே படத்தைக் கூர்மையாக்கி, இல்லாத விளிம்புகளை உண்டாக்குவதும் உண்டு என்பதால், ஒரே ஒரு படத்தை வைத்து ‘முனை மழுங்கியிருக்கிறது’ என்று சொல்லாமல் இருப்பது நல்லது.

இவ்வளவு பார்த்தபின் நாம் என்ன சொல்லலாம்? போலி என்று சொல்லலாம், தடயம் பலமாக இருந்தால். அசல் என்று சொல்லவே முடியாது. தரநிலை எண் தப்பு, உரிமம் வேறு ஆளுடையது, வரிசை எண் நாலு ஊரில் ஒன்று. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே பொருளை ஒதுக்கப் போதுமான காரணம் ஆகிறது. எதுவும் இல்லாவிட்டால், ‘இந்தப் படத்தில் குறை தெரியவில்லை’ என்பதோடு நிறுத்த வேண்டும். ரெகுலேட்டரின் சவ்வு எந்த ரப்பர், ஸ்பிரிங் என்ன பலம், குக்கர் ரப்பர் எத்தனை சூட்டில் கெட்டியாகும், உணவில் வாடை ஏற்றுமா, இவை எந்தக் கேமராவுக்கும் அகப்படாதவை. உரிமம் பெற்ற தொழிற்சாலையே தரமில்லாத ரப்பரை அசல் முத்திரையோடு அனுப்பினாலும் படத்தில் எல்லாம் சுத்தமாகவே இருக்கும். எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அசல் பொருளிலும் எழுத்து மங்கியிருக்கலாம். தேய்ந்த அச்சை மாற்றாமல் ஓட்டும் தொழிற்சாலைகள் உண்டு. சின்னப் பொருளுக்கு முத்திரையை உறையில் மட்டும் அச்சிட்டிருப்பார்கள். உறையைக் கிழித்துத் தொங்கவிட்ட கடைக்காரரால் அசலும் அநாதையாகிவிடும். மங்கலான எழுத்தை மட்டும் வைத்து ஒரு சின்ன உற்பத்தியாளரைப் போலிக்காரர் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பரப்புவது அநியாயம்.

பாதுகாப்பு முத்திரை விஷயத்தில் இணையக் கடைகளுக்கும் பொறுப்பு உண்டு என்பதை 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எடுத்த ஒரு முடிவு காட்டியது. குக்கர்களுக்கான கட்டாயத் தரக்கட்டுப்பாட்டு ஆணையை மீறிய 2,265 குக்கர்கள் அமேசான் வழியாக விற்றிருந்தன. வாங்கிய எல்லோருக்கும் தெரிவித்து, பொருளைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்கும்படியும், ஒரு லட்சம் ரூபாய் அபராதம் கட்டும்படியும் ஆணையம் உத்தரவிட்டது. அதே காலத்தில் ஃபிளிப்கார்ட் வழியாக விற்ற 598 குக்கர்களுக்கும் இப்படி ஓர் உத்தரவு வந்தது. அவை தரநிலையைப் பின்பற்றாத குக்கர் வழக்குகள். முத்திரையைக் கள்ளத்தனமாகப் பதிப்பதும் கனமான குற்றம். 2016-ஆம் வருட இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டப்படி உரிமம் இல்லாமல் முத்திரையைப் பயன்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை விதிக்கலாம். அபராதம் என்றால் முதல் தடவை குறைந்தது இரண்டு லட்சம் ரூபாய், மறுபடி செய்தால் குறைந்தது ஐந்து லட்சம். பொருளின் மதிப்பைப் போல் பத்து மடங்கு வரை போகலாம்.

நம் ஐந்து படங்களின் கதை இப்படி முடியும். ரெகுலேட்டரை அன்றைக்கே கழற்றிவிட வேண்டும். எண் தப்பு என்பதால் அதில் யோசிக்க ஒன்றுமில்லை. சிலிண்டரின் பாதுகாப்பு மூடியை மாட்டிவிட்டு, இணைப்புச் சீட்டோடு ஏஜென்சிக்குப் போய் முறையான ரெகுலேட்டரைக் கேட்க வேண்டும். அதற்குள் வாடை அடித்தால் 1906-க்கு அழைக்கலாம். எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் அது. ரப்பரை எடுத்துவிட்டு, குக்கர் செய்த நிறுவனத்தின் சேவை மையத்தில், குக்கரின் மாடலைச் சொல்லி வாங்க வேண்டும். லிட்டர் கணக்கு ஒன்றாக இருந்தாலே பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. உள்மூடி குக்கருக்கும் வெளிமூடி குக்கருக்கும் ரப்பரின் குறுக்குவெட்டே வேறு.

புகாரை BIS Care செயலியிலேயே அனுப்பலாம். சென்னை தரமணியில் அமைவனத்தின் தென்மண்டல அலுவலகம் இருக்கிறது. தகவல் தருகிறவர் பெயரை ரகசியமாக வைப்போம் என்று அமைவனம் சொல்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்யலாம். புகாரோடு போக வேண்டியவை பொருளின் படங்கள், கடையின் பெயர்ப்பலகை, பில் இருந்தால் பில், வாங்கிய தேதி.

இவற்றையெல்லாம் செய்வதற்கு முன் கடைக்குப் போய்ச் சண்டை போடாமல் இருப்பது நல்லது. சண்டையென்று போனால் பெரும்பாலான கடைக்காரர்கள் மரியாதையாகவே, ‘அக்கா, பணத்தைத் திருப்பித் தந்துடறேன், சாமானைக் குடுத்துடுங்க’ என்பார்கள். பணம் கைக்கு வரும். ஒரே சாட்சியான அந்த ரப்பர் மறுபடி ஆணிக்கொத்துக்குப் போய்த் தொங்கும். சோதனைக்கு ஆள் வரும் வரை அதை ஒரு உறையில் போட்டு, வாங்கிய தேதியை மேலே எழுதி, கழுவாமல் அலமாரியில் வைத்திருக்க வேண்டும்.